வயதுக்கு வந்த பிறகு உயரம் கூடுமா?

"மகளுக்கு 11 வயது, 142 சென்டிமீட்டர். போன மாதம் பெரிய பிள்ளையானாள். இனி வளரமாட்டாள் என்று லயத்தில் சொல்கிறார்கள், உண்மையா?"

வளருவாள். ஆனால் வேகமான வளர்ச்சி ஏற்கனவே கடந்துவிட்டது. அது முதல் மாதவிடாய்க்குச் சுமார் ஒரு வருடம் முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும். நாம்தான் சடங்கு வரை கவனிப்பதில்லை. இதன்பிறகு பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர் கூடும், அதில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே. சீக்கிரம் பெரிய பிள்ளையானவர்களுக்குச் சற்று அதிகம், 14 வயதில் ஆனவர்களுக்குக் குறைவு. ஆக உங்கள் மகள் 147 முதல் 150 வரை வரலாம், கொஞ்சம் தாண்டவும் கூடும்.

அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலையில், செருப்பில்லாமல், ஒரே சுவரில் அளந்து கோடு போடுங்கள். ஒரு வருடத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் எலும்பின் வளர்ச்சி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.