ஆப்ப அழிச்ச பொறவும் காசு எடுத்துட்டான், என்ன செய்ய?

"அண்ணாச்சி, நான் முக்கூடல்ல இருந்து. மவன் ஒரு வீடியோ ஆப்ல 1 ரூவா கட்டி 7 நாள் ட்ரையல் போட்டான், ரெண்டு நாள்ல ஆப்பயும் அழிச்சிட்டோம். பொறவும் 499 ரூவா போயிட்டு. இனிமே தேதிய எப்படி ஞாபகம் வைக்க?"

தங்கச்சி, அந்த 1 ரூவா கட்டும்போது பின் போட்டிய பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு, அது வெறும் 1 ரூவா பேமெண்ட் இல்ல, மாசாமாசம் இவ்வளவு வரைக்கும் எடுத்துக்கிடலாம்னு நீங்க குடுத்த அனுமதி, அதுக்குப் பேருதான் மேண்டேட். அது ஆப்ல இல்ல, உங்க பேங்க் கணக்குல உக்காந்திருக்கு, அதனால ஆப்ப அழிச்சாலும் போனையே மாத்தினாலும் அது பாட்டுக்கு எடுக்கும், 15,000 ரூவா வரைக்கும் திரும்ப பின்னும் கேக்காது.

மொதல்ல இதச் செய்யுங்க. எந்த யூபிஐ ஆப்ல பின் போட்டியளோ அதத் தொறந்து ப்ரொஃபைலுக்குள்ள AutoPay-ன்னு இருக்கத பாருங்க, ஓடுத மேண்டேட் எல்லாம் வரிசையா நிக்கும். வேண்டாதத Pause பண்ணாதிய, அது தற்காலிகந்தான், பொறவு திரும்ப ஓட ஆரம்பிச்சிரும். கேன்சல் கொடுத்து பின் போட்டு முடிங்க. பிளே ஸ்டோர் வழியா எடுத்திருந்தா அங்க Payments & subscriptions உள்ள போயி அங்கயும் நிறுத்தணும், 48 மணி நேரத்துக்குள்ளன்னா ரீஃபண்டும் கேட்டுப் பாக்கலாம், கெடைக்கும்னு உறுதி கெடையாது.

இனி தேதிக்கு வருவோம். 3ஆம் தேதி ட்ரையல் போட்டியன்னு வைங்க, 10ஆம் தேதி வரைக்கும் இருக்குன்னு நம்ம நெனைப்போம், ஆனா சில ஆப்புக்காரன் 3ஆம் தேதியவே மொத நாளா எண்ணுவான், அப்போ 9ஆம் தேதியோட முடிஞ்சிரும். அதனால விரல் விட்டு எண்ணாதிய, மேண்டேட்லயோ பிளே ஸ்டோர்லயோ அடுத்து எடுக்க தேதி போட்டிருந்தா அதத்தான் எடுத்துக்கிடணும். பின் போட்ட கையோட, போன வைக்கதுக்கு முன்னாடியே, காலண்டர்ல 7ஆம் தேதிக்கு ஒரு ரிமைண்டர் போடுங்க, அன்னைக்கு விட்டாலும் 8 இருக்கு. ஆப் பேரு, தொகை, எந்த யூபிஐ ஆப்புல போட்டதுன்னு மூணையும் அதுலயே எழுதிருங்க, இல்லன்னா அலாரம் அடிக்கும்போது எங்க போயி தேடன்னு முழிக்கணும். நேரமும் பாத்து வைங்க, பீடிக் கடைக்குப் போயிருக்க நேரம்னா போன் வீட்ல கெடந்து அடிச்சிட்டு ஓஞ்சிரும்.

காசு எடுக்கதுக்கு 24 மணி நேரம் முன்னாடியாவது தகவல் சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, ஆனா அத மட்டும் நம்பி இருக்காதிய, ஏன்னா அந்த மெசேஜ்ல சில நேரம் ஆப் பேருக்குப் பதிலா கம்பெனி பேரு வரும், நம்ம ஏதோ லோன் விளம்பரம்னு தள்ளி விட்ருவோம். வருச பிளான்னா ரெண்டு நாள் பத்தாது, ஒரு வாரம் முன்னாடியே ரிமைண்டர் போட்டுருங்க, தொகை பெருசு.