சராசரிக்குச் சராசரி போடலாமா? தேர்ச்சி விழுக்காடு பற்றிய கேள்வி-பதில்

பொதுத்தேர்வு முடிவு வந்து ஒரு வாரம் ஆனால் போதும், விழுக்காட்டுக் கணக்கு பற்றிய கேள்விகள் வரிசையாக வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் ஒரே சங்கதியை வெவ்வேறு பக்கத்திலிருந்து தொட்ட சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு இரண்டு பிரிவுகள். 'ஏ' பிரிவில் 92 சதவீதம் தேர்ச்சி, 'பி' பிரிவில் 60 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 76 என்று தலைமையாசிரியர் அறிக்கையில் எழுதிவிட்டார். எனக்கு 82-க்கு மேல் வருகிறது. யார் கணக்கு சரி? ('ஏ' பிரிவில் 50 பேர், 'பி' பிரிவில் 20 பேர் தேர்வு எழுதினார்கள்.)

உங்கள் கணக்குதான் சரி. ஆனால் அவர் எங்கே சறுக்கினார் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 'ஏ' பிரிவில் 50 பேரில் 92 சதவீதம் என்றால் 46 பேர். 'பி' பிரிவில் 20 பேரில் 60 சதவீதம் என்றால் 12 பேர். ஆக 70 பேர் எழுதி 58 பேர் தேறியிருக்கிறார்கள். 58-ஐ 70-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 82.86.

76 என்று எழுதியபோது என்ன நடந்தது? 50 பேர் கொண்ட வகுப்புக்கும் 20 பேர் கொண்ட வகுப்புக்கும் ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரித்தாயிற்று. அதாவது 'பி' பிரிவில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் 'ஏ' பிரிவுப் பிள்ளையைப் போல இரண்டரை மடங்கு கனத்தில் கணக்கில் ஏறிவிட்டது. அந்தப் பிரிவில் தேர்ச்சி குறைவாக இருந்ததால் மொத்தமும் சரிந்துவிட்டது. 'பி' பிரிவு 'ஏ'-வைவிட நன்றாகத் தேறியிருந்தால் இதே தப்பு பள்ளியைத் தூக்கிக் காட்டியிருக்கும். அப்போது யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைத் தலைமையாசிரியருக்கு எடுத்துச் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. 70 பேரில் 76 சதவீதம் எத்தனை பேர் என்று அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 53.2 வரும். தேறிய பட்டியலில் 58 பெயர்கள் இருக்கின்றன. மீதி ஐந்து பிள்ளைகள் எங்கே போனார்கள்?

பால் ஊற்றுகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்வதே இல்லை. 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால் 40 கிலோ, 7 சதவீதக் கொழுப்புள்ள எருமைப்பால் 10 கிலோ, இரண்டையும் ஒரே கேனில் கலந்தால் கொழுப்பு ஐந்தரை சதவீதம் என்று எந்தப் பால்காரரும் நம்ப மாட்டார். பசும்பாலில் 1.6 கிலோ, எருமைப்பாலில் 0.7 கிலோ, ஆக 50 கிலோவுக்கு 2.3 கிலோ கொழுப்பு, 4.6 சதவீதம். எது அதிகம் ஊற்றினோமோ அதன் பக்கம்தான் கலவை சாயும். இரண்டு வகுப்புகளைச் சேர்ப்பதும் இப்படிக் கலப்பதுதான்.

அப்படியானால் செய்தித்தாளில் வரும் மாணவர், மாணவியர் விழுக்காடுகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் மொத்த விழுக்காடு கிட்டத்தட்ட சரியாகவே வருகிறதே, ஏன்?

நல்ல கேள்வி. 2023 பிளஸ் டூ முடிவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மாணவியர் தேர்ச்சி 96.38, மாணவர் தேர்ச்சி 91.45, மொத்தம் 94.03. முதல் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 93.92 வரும். ஒன்பதில் ஒரு பங்கு சதவீதம்தான் பிசகு.

காரணம், இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த ஆண்டு மாணவியர் சுமார் 4 லட்சத்து 21 ஆயிரம் பேர், மாணவர் சுமார் 3 லட்சத்து 82 ஆயிரம் பேர். அளவுகள் நெருங்கி வந்தால் தப்பான வழியிலும் விடை சரிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இரண்டு விழுக்காடுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தாலும் அப்படித்தான். அளவும் விலகி, விழுக்காடும் விலகியிருக்கும்போதுதான் பள்ளம் ஆழம். முதல் கேள்வியில் இரண்டும் விலகியிருந்தன.

இதைத் திருப்பியும் போடலாம். மூன்று விழுக்காடுகளும் தெரிந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமலே மாணவியர் பங்கைக் கண்டுபிடிக்கலாம். மொத்தம் மாணவர் விழுக்காட்டைவிட 2.58 மேலே இருக்கிறது. மாணவியர், மாணவர் இடைவெளி 4.93. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.523, அதாவது எழுதியவர்களில் சுமார் 52.3 சதவீதம் மாணவியர். உண்மையான எண்ணிக்கையை வைத்துப் போட்டால் 52.4. தசமத்தில் இரண்டு இடத்தோடு வெட்டியதால் வந்த சிறு வித்தியாசம், அவ்வளவுதான். மொத்த விழுக்காடு இரண்டுக்கும் வெளியே போய் நின்றால், அச்சில் ஏதோ ஒரு எண் தப்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

எக்செல்லில் ஆறு பிரிவுகளின் தேர்ச்சி விழுக்காடு ஒரு நெடுவரிசையில் இருக்கிறது. AVERAGE போட்டால் வரும் விடையை எப்படித் திருத்துவது?

AVERAGE ஒவ்வொரு வரிக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கும். எந்த வரியில் எத்தனை பிள்ளைகள் என்று அதற்குத் தெரியாது. B நெடுவரிசையில் எழுதியவர்கள், C-யில் தேறியவர்கள், D-யில் விழுக்காடு இருப்பதாக வைத்துக்கொண்டால் இது போதும்:

```
=SUM(C2:C7)/SUM(B2:B7)
```

தேறியவர் எண்ணிக்கை கையில் இல்லை, விழுக்காடு மட்டும்தான் இருக்கிறது என்றால்:

```
=SUMPRODUCT(B2:B7,D2:D7)/SUM(B2:B7)
```

இங்கே ஒன்றில் பலர் இடறுகிறார்கள். B-யில் எந்த எண்ணிக்கை போடுவது? விழுக்காடு எதை வைத்து வகுத்து வந்ததோ அதே எண்ணிக்கை. வருகைப் பதிவேட்டில் 52 பேர், அதில் இரண்டு பேர் ஆப்சென்ட், 50 பேர் எழுதினார்கள், 92 சதவீதம் தேர்ச்சி என்றால் B-யில் 50 என்றுதான் வர வேண்டும். 52 போட்டால் தேறியவர் 47.84 பேர் என்று ஆகிவிடும். பெருக்கிப் பார்த்து முழு எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், எடுத்த எண்ணிக்கை தவறு என்று அதிலேயே தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பதிவேட்டு எண்ணிக்கையைப் போட்டு ஒரு முழு அறிக்கையைத் திருப்பி எழுதியிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் இரண்டு பிரிவுகளிலும் தேர்ச்சி போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. ஆனால் பள்ளியின் மொத்தத் தேர்ச்சி குறைந்துவிட்டது என்று மேலிடத்தில் விளக்கம் கேட்கிறார்கள். இது எப்படி நடக்கும்?

நடக்கும். உங்கள் எண்களைக் கொஞ்சம் உருட்டி எழுதுகிறேன்.

போன ஆண்டு 'ஏ' பிரிவில் 60 பேர், 54 தேர்ச்சி, 90 சதவீதம். 'பி' பிரிவில் 20 பேர், 10 தேர்ச்சி, 50 சதவீதம். மொத்தம் 80 பேரில் 64, 80 சதவீதம்.

இந்த ஆண்டு 'ஏ' பிரிவில் 30 பேர், 28 தேர்ச்சி, 93.3 சதவீதம். 'பி' பிரிவில் 50 பேர், 30 தேர்ச்சி; 60 சதவீதம். மொத்தம் அதே 80 பேரில் 58, 72.5 சதவீதம்.

இரண்டு பிரிவும் ஏறியிருக்கிறது, பள்ளி இறங்கியிருக்கிறது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. மாறியது பிள்ளைகள் எந்தப் பிரிவில் எத்தனை என்பதுதான். தேர்ச்சி குறைந்த பிரிவில் 20 பேர் இருந்த இடத்தில் இப்போது 50 பேர்.

விளக்கக் கடிதத்தில் ஒரு கணக்கைச் சேருங்கள்: இந்த ஆண்டின் விழுக்காடுகளைப் போன ஆண்டின் எண்ணிக்கையில் போட்டுப் பாருங்கள். 60 பேரில் 93.3 சதவீதம் 56 பேர், 20 பேரில் 60 சதவீதம் 12 பேர், ஆக 68. அது 85 சதவீதம். பிள்ளைகளின் சேர்க்கை மாறாமல் இருந்திருந்தால் 80 இருந்தது 85 ஆகியிருக்கும் என்று எழுதலாம். மறுபக்கமாக, போன ஆண்டின் விழுக்காடுகளை இந்த ஆண்டின் எண்ணிக்கையில் போட்டால் 27-ம் 25-ம் சேர்ந்து 52. அது 65 சதவீதம். 65 வந்திருக்க வேண்டிய இடத்தில் 72.5 வந்திருக்கிறது. முன்னேற்றம் ஒரு வழியில் 5, இன்னொரு வழியில் 7.5. எந்த ஆண்டின் சேர்க்கையை அளவாக வைத்தீர்கள் என்று கடிதத்தில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதற்கும் ஒரு விளக்கம் கேட்பார்கள்.

புள்ளியியலில் இதைச் சிம்சன் முரண் என்பார்கள். எட்வர்ட் சிம்சன் 1951-இல் இதைப் பற்றி எழுதினார். மருத்துவத்தில் இதற்குப் பெயர்போன உதாரணம், 1986-இல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக் கல் சிகிச்சை ஒப்பீடு. திறந்த அறுவை செய்த 350 பேரில் 273 பேருக்குப் பலன் கிடைத்தது, 78 சதவீதம். தோல் வழியாகச் சிறு துளையிட்டு எடுத்த 350 பேரில் 289 பேருக்குப் பலன், 83 சதவீதம். துளை முறை மேல் என்று தோன்றும். ஆனால் சிறிய கற்களில் அறுவைக்கு 93, துளைக்கு 87. பெரிய கற்களிலும் அறுவைக்கு 73, துளைக்கு 69. இரண்டிலும் அறுவைதான் முன்னால். பெரிய கல், அதாவது கடினமான நோயாளி, பெரும்பாலும் அறுவைக்கே போயிருந்தார்: 350 பேரில் 263 பேர். துளை முறைக்கு அப்படிப்பட்டவர்கள் 80 பேர் மட்டுமே வந்தார்கள். உங்கள் பள்ளியில் 'பி' பிரிவு செய்த வேலையை இங்கே பெரிய கல் செய்திருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். பிரித்துப் பார்த்த விழுக்காடுதான் எப்போதும் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஏ'-வில் பின்தங்கியும் 'பி'-யின் பெரும்பாலோரைவிடத் தேற வாய்ப்பு அதிகமாகவும் உள்ள பிள்ளைகளை ஆண்டு நடுவில் 'ஏ'-விலிருந்து 'பி'-க்கு மாற்றினாலும் இரண்டு பிரிவுகளின் விழுக்காடும் ஏறக்கூடும். யாரும் கூடுதலாகப் படித்திருக்க வேண்டியதில்லை. அப்படி மாற்றியிருந்தால் மேலிடம் கேட்பது நியாயமான கேள்வி.

அப்போ, விழுக்காடுகளைச் சும்மா கூட்டி வகுப்பது எப்போதுமே தப்பா? மகன் 25 மதிப்பெண் தேர்வில் 20-ம், 100 மதிப்பெண் தேர்வில் 55-ம் வாங்கினான். அவன் 67.5 என்கிறான், நான் 60 என்கிறேன்.

மகன் 80-ஐயும் 55-ஐயும் கூட்டி வகுத்திருக்கிறான். நீங்கள் 75-ஐ 125-ஆல் வகுத்திருக்கிறீர்கள். இரண்டு தேர்வுக்கும் சம மதிப்பு என்று பள்ளி சொல்லியிருந்தால் மகன் சொல்வது சரி. மொத்த மதிப்பெண்ணை வைத்துத்தான் கணக்கு என்றால் நீங்கள் சொல்வது சரி. அளவு பிள்ளைகளின் எண்ணிக்கையாக இருக்கும்போது, தலைக்கு ஒரு கனம் என்பதை நாம் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். தேர்வுகளுக்கு எவ்வளவு கனம் என்பதைத் தேர்வு வைப்பவர்தான் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்தில் 'சாதாரணமாக ஒரு பள்ளி எப்படி இருக்கிறது' என்று கேட்டால்கூடப் பள்ளிகளின் விழுக்காடுகளை அப்படியே கூட்டி வகுக்கலாம், அங்கே பேச்சு பள்ளியைப் பற்றியது. நான்கே பேர் எழுதி நான்கு பேரும் தேறிய சிறு பள்ளியும் நானூறு பேர் எழுதிய பள்ளியும் அதில் ஒரே கனம்தான். ஆனால் அந்த விடையை எடுத்து 'மாவட்டத்தில் இத்தனை சதவீதப் பிள்ளைகள் தேறினார்கள்' என்று தலைப்பு போட்டால் முதல் கேள்விக்கே திரும்பிவிடுவோம்.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு, ரேங்க் கார்டின் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.