ரவிக்கையைப் பிடிச்சுத் தைச்சா மட்டும் போதாது

கேள்வி: எங்க அம்மாவுக்கு 74 வயசு. ஆறு மாசத்துல ரொம்ப இளைச்சுட்டாங்க. சேலைதான் கட்டுவாங்க. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. பழசைப் பிடிச்சுத் தைச்சா போதுமா, புதுசாத் தைக்கணுமா?

பதில்:

பழைய ரவிக்கை ஒண்ணை அம்மாவுக்குப் போட்டுவிட்டு, கை சேருற தையல் எங்க உட்காருதுன்னு பாருங்க. தோள் எலும்பு முடியுற இடத்துல இருந்தா பக்கவாட்டுல பிடிச்சாப் போதும். ஒரு இஞ்ச் கீழ இறங்கிக் கையில கிடந்துச்சுன்னா, எவ்வளவு பிடிச்சாலும் பிரயோஜனம் இல்லை. நாலு ரவிக்கையைப் பாழாக்கித்தான் இதைத் தெரிஞ்சுக்கிட்டேன்.

எங்க ஆத்தாவுக்கு 76. காரைக்குடிக்குப் பக்கத்துல ஊரு. பல்லு போயி, சாப்பாடு குறைஞ்சு, மார்பளவு 40ல இருந்து 34க்கு வந்துருச்சு. (டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நீங்க இன்னும் காட்டலைன்னா தையல்கடைக்கு அப்புறம் போகலாம்.) கடையில அளவு ரவிக்கையைக் கொடுத்து, ஆறு இஞ்ச் குறைக்கச் சொன்னேன். மார்பு சரியா வந்துச்சு. ஆனா கழுத்தும் தோளும் பழைய அகலத்துலயே இருக்கு, ஒரு தோள் சரிஞ்சுக்கிட்டே நிக்குது. அக்குள் கீழ கிடக்குறதால கையைத் தூக்குனா ரவிக்கையே மேல ஏறுது. ஆத்தா சாமிக்குப் பூப்போடக் கை தூக்குறதையே விட்டுருச்சு. கேட்டா "சும்மா இருக்குடி"ன்னுச்சு.

அப்புறம் வேற ஒரு தையல்காரம்மாவை வீட்டுக்கே கூட்டியாந்தேன். அளவு ரவிக்கையைக் கையாலயே தொடலை. ஆத்தாவை நாற்காலியில உக்கார வச்சு உடம்புல அளந்தாங்க. நிக்கச் சொன்னா வயசானவங்க அந்த ஒரு நிமிஷம் நிமிந்துருவாங்க, அப்புறம் நாள்பூரா கூனித்தான் இருப்பாங்க, அளவு தப்பாயிரும்னாங்க. கூன் முதுகுக்குப் பின்பக்கம் ஒரு இஞ்ச் நீளம் கூட வச்சாங்க, பின்கழுத்தை ஏத்தி வெட்டுனாங்க. ஊக்குக்குப் பதிலா முன்னால பிரஸ் பட்டன். நான் வெல்க்ரோ கேட்டேன், அது துவைக்கையில சேலை நூலை இழுக்கும், ஓரம் தோலை உரசும்னு வேணாம்னுட்டாங்க. உள்ள ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி விட்டுருக்கு. உடம்பு தேறுனா பிரிச்சுவிட்டுக்கலாம்.

பாவாடைதான் நான் கவனிக்காம விட்டது. சதை குறைஞ்சதும் நாடா நேரா இடுப்பு எலும்புல அறுக்குது, குளிக்க வைக்கையில பாத்தா சிவப்பாக் கோடு. முழுசா எலாஸ்டிக் வச்சுப் பாத்தேன், கண்டாங்கிச் சேலை கனத்துல பாவாடையே இறங்குச்சு. இப்ப பின்பக்கம் மட்டும் அகல எலாஸ்டிக், முன்னால ஒரு இஞ்ச் அகலத்துல பட்டையான பருத்தி நாடா. முடிச்சை எலும்பு மேல விழாம கொஞ்சம் தள்ளிப் போடுறோம்.

சேலைக்கு வருவோம். கண்டாங்கி 2019ல புவிசார் குறியீடு வாங்குன சேலை, எங்களுக்குப் பெருமைதான். ஆனா கெட்டி நூல், இளைச்ச உடம்புக்குப் பாரம். இடுப்பு ஆறு இஞ்ச் குறைஞ்சா, ரெண்டு சுத்துக்கு 12 இஞ்ச் சேலை மிச்சமாகி அத்தனையும் கொசுவத்துல சேரும். முன்னால மூட்டையாத் தொங்கும், காலைத் தட்டும். எங்க வீட்டுல வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, கொல்லைக்குப் போய்த்தான் கழிப்பறை. வழியில எத்தனை நிலைப்படி! ராத்திரியில அங்க ஒரு லைட்டு போடணும்னு மூணு வருஷமா பங்காளிகள்கிட்ட கேக்குறேன். பொதுச்செலவுன்னு ஆரம்பிச்சாலே ஆளுக்கொரு பக்கம் எந்திருச்சுப் போயிருவாங்க. அதே வீட்டை சினிமாக்காரங்க கேட்டா மட்டும் எல்லாரும் ஒண்ணு கூடுவாங்க. சரி, அதை விடுங்க.

முந்தானையைத் தொடாம, உள்ள சொருகுற முனையில முக்கால் கஜத்தை வெட்டி ஓரம் அடிச்சுட்டோம். எட்டுக் கொசுவம் அஞ்சாச்சு. கண்டாங்கி இப்ப விசேஷத்துக்கு மட்டும், தினசரிக்கு லேசான சுங்குடி.

நைட்டி வாங்கித் தந்தா முடிஞ்சுதேன்னு சிலர் சொல்லுவீங்க. வாங்கித் தந்தேன். "பங்காளி வீட்டு ஆளுக நடமாடுற வளவுல அதைப் போட்டுக்கிட்டு உக்காரவா?"ன்னு கேட்டுச்சு. ராத்திரிக்கு மட்டும், அதுவும் முன்னால திறக்குறது, கணுக்காலுக்கு மேல நிக்குற நீளம்னா போட்டுக்குது. அதுக்கு மேல நான் வற்புறுத்தலை.

ஒரே நேரத்துல ஆறேழு தைக்கக் கொடுத்துராதீங்க. ஒண்ணு தைச்சு ஒரு வாரம் போடவிட்டு, "நல்லாருக்கா"ன்னு கேக்காம, கை தூக்கி அலமாரியில இருக்குற எதையாவது எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்க. எங்க ஆத்தா குங்குமச் சிமிழை எடுத்துத் தந்துச்சு, ரவிக்கை இருந்த இடத்துலயே இருந்துச்சு. அப்புறந்தான் மீதி மூணுக்குத் துணி எடுத்தேன்.