நரை முடியில் ஊதா ஷாம்பு: எத்தனை நிமிடம் போதும்?

கேள்வி: எனக்கு 59 வயது. வள்ளியூருக்கு அருகில் வசிக்கிறேன். கறுப்புச் சாயம் தலையிலும் இமையிலும் வீக்கம் உண்டாக்கியதால் நான்கு ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டேன். இப்போது முடி முழுவதும் நரைத்திருக்கிறது. ஆனால் வெள்ளையாக இல்லாமல் மஞ்சளடித்துத் தெரிகிறது. மகள் வாங்கித் தந்த ஊதா ஷாம்புவை இருபது நிமிடம் வைத்திருந்தேன். நெற்றியோரமும் நுனியும் ஊதாவாகிவிட்டன, உச்சி மட்டும் மஞ்சளாகவே இருக்கிறது. முடியை ப்ளீச் செய்திருக்கும் மகள், நிறமேற்றும் கண்டிஷனரை அரை மணி நேரம் வைத்துக்கொள்கிறாள். நானும் அதைப் பயன்படுத்தலாமா? உண்மையில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

பதில்: உங்களைப் போன்ற முடிக்கு ஊதா ஷாம்பு முதல் முறை ஒரு நிமிடம் போதும். பழகிய பிறகும் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நெற்றியோரம் ஊதாவாகவும் உச்சி மஞ்சளாகவும் போனதற்கு நேரத்தைவிட முடியின் நிலைதான் பெரிய காரணம் என்பதால், அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நரைத்த முடியில் நிறமி இல்லை. முடியின் புரதமான கெரட்டின் இயல்பிலேயே இளமஞ்சள் சாயல் கொண்டது. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் அடுப்பின் வெப்பமும் புகையும் நீரில் உள்ள இரும்பும் அந்தச் சாயலைக் கூட்டுகின்றன. ஊதா நிறம் மஞ்சளுக்கு எதிர் நிறம். ஆகவே முடியின் மேற்பரப்பில் சிறிதளவு ஊதாச் சாயம் படிந்தால், கண்ணுக்கு மஞ்சள் அடங்கி வெள்ளையோ சாம்பலோ தெரிகிறது. ஷாம்பு எதையும் வெளுப்பதில்லை, மஞ்சளை அகற்றுவதும் இல்லை. தேவைக்கு மேல் படிந்தால், மஞ்சள் மறைந்த பின் மிஞ்சும் ஊதாதான் வெளியே தெரியும். அதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரே தலையில் எல்லா முடியும் ஒரே வேகத்தில் சாயத்தை ஏற்பதில்லை. நெற்றியோர முடி மெல்லியது, எனவே விரைவில் நிறம் பிடிக்கும். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று கொண்டால், வேரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நுனி மூன்று ஆண்டுக்கும் மேல் வெயிலும் சீப்பும் கண்டது. அதன் மேலுறைச் செதில்கள் தேய்ந்து, உள்ளே துளைகள் திறந்திருக்கும். இத்தகைய இடங்களில் முதல் ஓரிரு நிமிடத்திலேயே போதிய நிறம் பிடித்துவிடுகிறது. உச்சி முடியோ செதில் மூடிய, தடித்த முடி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் அங்கே ஒட்டவே ஒட்டாது. இருபது நிமிடம் வைத்தால் உச்சியும் வெளுத்துவிடும் என்று எண்ணுவது இயல்புதான், ஆனால் அந்த நேரத்தில் நுனியும் ஓரமும் மேலும் மேலும் கறைபடுகின்றன, உச்சி மெதுவாகத்தான் நகர்கிறது. இதைத் தவிர ஷாம்பு ஒரு கழுவும் பொருள். அதன் நுரைக்கும் பொருள்கள் தலைத் தோலில் நீண்ட நேரம் இருந்தால் தோல் வறண்டு அரிக்கும். ஏற்கெனவே ஒவ்வாமை கண்ட தோலுக்கு இது வேண்டாத சோதனை.

உங்கள் மஞ்சள் எந்த வகை என்பதையும் பார்த்துவிடுங்கள். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உப்பும் கடினத்தன்மையும் மிகுதி, சிலவற்றில் இரும்பும் உண்டு. வாளியின் உட்புறத்திலும் குழாயடித் தரையிலும் துரு நிறக் கறை படிந்திருந்தால், அதே இரும்பு உங்கள் முடியிலும் படிந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நிறம் மஞ்சளைவிடச் செம்மஞ்சளுக்கு நெருக்கமானது. செம்மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலம்தான். எனவே ஊதாவைப் பூசினால் அது மங்கிய அழுக்கு நிறமாகத்தான் தெரியும். எத்தனை நிமிடம் வைத்தாலும் பயன் இல்லை. இந்நிலையில், கடின நீர்ப் படிவை நீக்குவதற்கென்று குறிப்பிட்டு விற்கப்படும் ஷாம்புவால் மாதம் ஒருமுறை கழுவுவதும், கடைசி இரண்டு செம்பு நீரை மட்டுமாவது தாமிரபரணிக் குடிநீராகவோ மழை நீராகவோ எடுத்து அலசுவதும் ஊதா ஷாம்புவைவிட முதன்மையான சிகிச்சை. சீயக்காய்த் தூளும் மருதாணியும் நரைக்கு நிறமேற்றக்கூடியவை. மருதாணியிட்ட முடியில் ஊதா ஷாம்பு ஏமாற்றத்தையே தரும்.

இப்போது செய்முறை. எண்ணெய்க் குளியல் நாளில் இதைச் செய்ய வேண்டாம். அடுத்த முறை, வழக்கமான ஷாம்புவால் இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி, நீர் சொட்டாத ஈரத்தில் முடியை விடுங்கள். உலர்ந்த முடி சாயத்தைத் திட்டுத்திட்டாக வாரி இழுக்கும். சொட்டச்சொட்ட நனைந்த முடியில் ஷாம்பு நீர்த்துவிடும். கையுறை அணிந்து, ஊதா ஷாம்பு ஒரு தேக்கரண்டியுடன் வழக்கமான ஷாம்பு ஒரு தேக்கரண்டி கலந்துகொள்ளுங்கள். தோளளவு முடிக்கு இது போதும், நீளமான முடி என்றால் இரண்டிரண்டு. கலப்பதால் நிறம் இலேசாகும், பரவலும் சீராகும். முதலில் காதுக்குப் பின்னால் மறைவான ஒரு கற்றையை எடுத்து, அதில் மட்டும் தடவி ஒரு நிமிடம் கழித்து அலசி, முழுவதும் உலரவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈர முடி எப்போதும் கருத்துத் தோன்றும். குளியலறையின் மஞ்சள் விளக்கிலோ நிறத்தைக் கணிக்கவே முடியாது. மஞ்சள் மிச்சம் இருந்தால் அடுத்த முறை இரண்டு நிமிடம், அதிலும் குறைவு தெரிந்தால் மூன்று.

தலை முழுவதும் பூசும்போது வரிசை முக்கியம். உச்சியில் தொடங்கி, பின்தலை முடித்து, நுனிக்கும் நெற்றியோரத்திற்கும் கடைசி அரை நிமிடத்தில் மட்டும் நுரையை இழுத்துவிட்டு உடனே அலசுங்கள். வாரம் ஒருமுறை போதும், மற்ற நாள்களில் வழக்கமான ஷாம்பு. மஞ்சளின் சிறு சாயல் மிஞ்சினால் அதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தூய வெள்ளையைத் துரத்துகிறவர்கள் அடுத்த கழுவலில் ஊதாவில் போய் நிற்கிறார்கள்.

உங்கள் மகளின் கண்டிஷனர் வேறு வகைப் பொருள். ஊதா ஷாம்புவில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்ட சாயமே இருக்கும். கண்டிஷனரிலோ நேர்மின்னூட்டம் கொண்ட சாயங்களை எளிதில் சேர்க்க முடியும். ப்ளீச் முடியின் புரதப் பிணைப்புகளை உடைத்து, அங்கே எதிர்மின்னூட்ட இடங்களை மிகுதியாக உருவாக்குவதால், அந்தச் சாயம் ப்ளீச் செய்த முடியை விரைந்து பற்றிக்கொள்ளும், கழுவினாலும் எளிதில் விடாது. ஆகவே மஞ்சளை அடக்குவது மட்டும் நோக்கமானால் அவருக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடமே போதும். அரை மணி நேரம் என்பது இளம் ஊதா நிறம் முழுவதுமாக வேண்டும் என்று கருதி, அதற்கென்றே தயாரிக்கப்பட்ட பொருளின் குறிப்பேடு அவ்வாறு சொல்லும்போது மட்டும் பொருந்தும். ப்ளீச் வாழைப்பழத் தோலின் உட்புறம் போன்ற வெளிர் மஞ்சள் வரை வந்திருந்தால்தான் வெள்ளிச் சாயல் கிடைக்கும். செம்மஞ்சளில் நின்றுவிட்ட முடியில் நேரத்தை நீட்டிப் பயனில்லை, அதை மீண்டும் வெளுப்பதா என்பதை, முடி அறுந்து போகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அந்தக் கண்டிஷனர் இப்போது வேண்டாம். ஊதா பிடித்த நுனியில் அது இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். சில வாரம் கழித்து, ஷாம்புவே போதாது என்று கண்டால், நுனியைத் தவிர்த்து இரண்டு நிமிடத்தில் தொடங்கலாம்.

தற்போது படிந்துள்ள ஊதாவைப் போக்க வழக்கமான ஷாம்புவால் கழுவி வாருங்கள். பெரும்பாலும் சில கழுவலில் வெளுத்துவிடும், தேய்ந்த நுனியில் சற்றுக் கூடுதல் காலம் ஆகலாம். சமையல் சோடா, துணி சோப்புத் தூள் போன்றவை காரத்தன்மை மிக்கவை. அவை செதிலைத் திறந்து முடியை மேலும் சிதைக்கும், அடுத்த முறை இன்னும் கூடுதலாக ஊதா பிடிக்கும்.

ஒவ்வாமை பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வீக்கம் தந்தது, பெரும்பாலும் கறுப்புச் சாயத்தில் உள்ள பாரா-ஃபினைலீன்டையமீன், சுருக்கமாக பிபிடி, என்ற பொருளாக இருக்கலாம். தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுச் சோதனையால்தான் அதை உறுதி செய்ய முடியும். ஊதா ஷாம்பு இரண்டு குப்பிகளைக் கலந்து பூசும் வகையன்று. கலக்கும் வகைச் சாயங்களில்தான் பிபிடி போன்றவை வேதிவினை புரிந்து நிறம் உண்டாக்குகின்றன. எனவே பொதுவாக இதில் அது இருப்பதில்லை, ஆனால் பெட்டியின் பொருள்பட்டியலில் பிபிடியோ டொலுயீன்-2,5-டையமீனோ உள்ளதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். இவை இல்லாவிட்டாலும் நறுமணப் பொருளுக்கும் பதப்படுத்தும் பொருளுக்கும் ஒவ்வாமை வரலாம். ஆகையால் தலையில் பூசுமுன் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவி, ஏழு முதல் பத்து நாள் தொடர்ந்து காலையும் மாலையும் இதைச் செய்யுங்கள். ஒவ்வாமை உடனே தோன்றாமல் ஓரிரு நாள் கழித்தும் தோன்றும். கறுப்பு மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் தூள்கள் சிலவற்றில் பிபிடி சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால் அவற்றை உங்களுக்கு முற்றிலும் தடை செய்கிறேன்.

கழுவிய பின் இமை, காது, கழுத்துப் பின்புறம் ஆகியவை சிவந்து தடித்தாலும், தலையில் நீர் கசிந்தாலும் மிச்சக் குப்பியை நிறுத்திவிட்டு, பெட்டியுடன் தோல் மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசரம், அருகிலுள்ள மருத்துவமனைக்கு அப்போதே செல்ல வேண்டும். இவை எதுவும் இன்றி, சரியாகப் பூசியும் இரண்டு கழுவலில் மஞ்சள் திரும்பி வந்தால், நேரத்தைக் கூட்டாமல் முதலில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்துப் பாருங்கள்.