தம்பியிடம் கேட்க வேண்டியதைக் கம்பனியிடம் கேட்டால்

*கேள்வி: தலவாக்கலைப் பக்கம் இருக்கிறோம். ஐப்பசி மழையில் பின்பக்க மேடு சரிந்து குசினிச் சுவர் விழுந்துவிட்டது. "மழையால் எங்கள் வீடு பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது, குடும்ப நிலையைக் கருத்தில் கொண்டு உதவவும்" என்று காப்புறுதிக் கம்பனிக்குப் பணிவாகத்தான் எழுதினேன். மூன்று கிழமை கழித்து, பத்திர இலக்கம், சம்பவத் திகதி, சேதத்தின் தன்மை மூன்றையும் கேட்டு ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது. பெயரும் விலாசமும் போட்டிருக்கிறேனே, கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியாதா? பத்திரம் கொழும்பில் இருக்கிற தம்பியிடம் இருக்கும், வீட்டு லோன் எடுத்தபோது பேங்கில் செய்தது. அம்மாவின் கருமாதிக்கு ஒரு நாள் பிந்தி வந்ததிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதட்டுமா? – ஒரு வாசகி*

தங்கச்சி, ஒம்புட்ஸ்மனை இப்போதைக்கு விடுங்கள். முதலில் கம்பனியிடம் முறையாகக் கேட்ட பிறகுதான் அங்கே போக முடியும். உங்கள் கடிதம் இன்னும் கோரிக்கை என்ற நிலைக்கே வரவில்லை. ஒரு காப்புறுதிக் கிளையில் நட்டஈட்டு மேசையில் 26 வருடம் இருந்தவள் நான். இந்த மாதிரிக் கடிதங்கள் மழைக்காலத்தில் கட்டுக் கட்டாக வரும். மரியாதையும் கண்ணீரும் நிறைய இருக்கும், ஃபைல் திறக்க ஒன்றும் இருக்காது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு. "அவனோடு பேச்சு இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பத்திர இலக்கம் இல்லாததற்குக் காரணம் அதுதான். கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன பயன்? லோனோடு செய்த வீட்டுக் காப்புறுதி, லோன் எடுத்தவர் பெயரில்தான் இருக்கும். அதாவது தம்பி பெயரில், பேங்கின் உரிமையும் அதில் பதிந்து. உங்கள் பெயரைத் தட்டினால் அந்தக் கம்பனியில் ஒன்றும் வராது. விலாசத்தால் தேடினாலும், நம் ஊர் விலாசங்களில் பாதி "மேல் பிரிவு", "கீழ் பிரிவு" என்றுதானே இருக்கிறது. ஒரே பிரிவில் எத்தனை வீடு?

இன்னொன்றும் இருக்கிறது. காப்புறுதி செய்தவர்தான் நட்டஈடு கேட்க வேண்டும். கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்து அவனுடையது. பணம் வந்தாலும் லோன் முடியும்வரை பேங்க்தான் முதலில் கை நீட்டும். நீங்கள் எத்தனை கடிதம் போட்டாலும் கடைசியில் தம்பியிடம்தான் போய் நிற்கப் போகிறீர்கள். அதை முதலிலேயே செய்தால் மூன்று கிழமை மிச்சமாகியிருக்கும்.

கருமாதிக்குப் பிந்தியது தப்புத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு நின்ற பிறகும் அந்த வீட்டு லோனை மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பது யார்? நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள், அவன் வீட்டைப் பார்த்தான். ஒரு நாள் பிந்தியதைக் கணக்கில் வைத்தவர், இதையும் கணக்கில் வைக்க வேண்டாமா? அவனுக்கும் ஒரு ஏச்சு இருக்கிறது: அக்கா குடியிருக்கிற வீட்டின் பத்திரத்தில் ஒரு கொப்பியாவது அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும். போன் எடுக்கும்போது அதையும் சொல்லுங்கள். பத்திரம் கையில் இல்லை என்று அவன் சொன்னால், லோன் கொடுத்த பேங்க் கிளையில் இலக்கம் இருக்கும். வருடா வருடம் கட்டுப்பணம் பிடித்த ரசீதிலும் இருக்கும்.

இனி, சேதத்தின் தன்மை. எனக்கு "மேடு சரிந்து சுவர் விழுந்தது" என்று எழுதிய நீங்கள், கம்பனிக்கு "மழையால் பாதிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. வீட்டுக் காப்புறுதி அடிப்படையில் நெருப்புக்கானது. புயல், வெள்ளம், மண்சரிவு எல்லாம் பெரும்பாலும் மேலதிகமாகக் காசு கட்டிச் சேர்ப்பவை. ஒரு பத்திரத்தில் மண்சரிவு இருக்கும், அடுத்ததில் வெள்ளம் மட்டும் இருக்கும். வெறும் "மழை" என்றால், கூரை ஒழுகிச் சுவர் ஊறிப் போனதோ என்றுதான் மேசையில் இருப்பவர் நினைப்பார். நாள்பட்ட கசிவுக்கும் தேய்மானத்துக்கும் பொதுவாக ஒரு சதமும் கிடையாது. மேட்டிலிருந்து மண் வந்து இடித்ததென்றால் அதை அப்படியே எழுத வேண்டும். மேட்டுக்குக் கட்டிய தாங்கு சுவரும் விழுந்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பல பத்திரங்களில் அது வீட்டோடு சேராது, தம்பியிடம் பத்திரம் இருக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திகதியை லேசாக நினைக்காதீர்கள். "ஐப்பசி மழை" என்பது திகதி இல்லை. பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான், புதுப்பித்த நாளுக்கு முன்னா பின்னா என்பதில் எல்லாமே மாறும். எங்கள் கிளைக்கு வெலிமடைப் பக்கமிருந்து ஒருவர் திகதி இல்லாமல் கடிதம் அனுப்பினார். அதே வருடம் வைகாசிக் காற்றில் அவர் கூரைத் தகரம் பறந்து நட்டஈடும் வாங்கியிருந்தார். இரண்டாவது கடிதம் சுவர் விழுந்ததற்கு. அது பழைய ஃபைலுக்குள் போய், "கொடுத்து முடிந்தது" என்று மூடப்பட்டது. அவர் திரும்பி வந்தபோது இடிபாட்டை அள்ளிப் புதுச் சுவரும் எழுப்பிவிட்டார். மதிப்பீட்டாளர் எதைப் பார்ப்பார்?

உங்களுக்கு நாள் மறந்திருந்தால் வீட்டில் யாராவது போனில் எடுத்த படத்தைத் திறந்து பாருங்கள், நாளும் நேரமும் அதில் இருக்கும். பொலிஸில் முறைப்பாடு போட்டிருந்தாலோ கிராம உத்தியோகத்தர் வந்து பார்த்திருந்தாலோ அங்கேயும் பதிவு இருக்கும். புதுப்பித்த திகதிக்கு வசதியாக நாளைத் தள்ளிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். தோட்டத்து ஆபிசில் அன்றாடம் மழை அளந்து எழுதி வைக்கிறார்கள். மதிப்பீட்டாளர் அதைக் கேட்டு வாங்கினால் கோரிக்கை முழுவதும் போய்விடும். சுவரில் முன்பே வெடிப்பு இருந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், அவர் கண்ணுக்குத் தப்பாது.

கடிதம் இவ்வளவு போதும். எழுதுவது தம்பி:

"காப்புறுதிப் பத்திர இலக்கம்: … . எனது பெயரில் காப்புறுதி செய்யப்பட்டுள்ள, மேற்படி விலாசத்திலுள்ள வீட்டின் பின்புற மண்மேடு … ஆம் திகதி இரவு சுமார் … மணிக்குச் சரிந்து வீழ்ந்தது. குசினியின் பின்சுவர் முழுமையாக இடிந்ததுடன், அதன் மேலிருந்த கூரைத் தகரங்களும் சேதமடைந்தன. புகைப்படங்களை இணைத்துள்ளேன். இடத்தைப் பார்வையிட மதிப்பீட்டாளரை அனுப்புமாறும், கோரிக்கைப் படிவத்தைத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

தகரம் சேதமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். "குடும்ப நிலை" எங்கேயும் வேண்டாம், அது தர்மக் காசு இல்லை. தாமதமானதற்கு ஒரு வரியில் காரணம் சொல்லலாம். கம்பனி உங்களுக்கு அனுப்பிய பதிலின் திகதியையும் குறிப்பிடட்டும். அப்போதுதான் நீங்கள் ஏற்கெனவே அறிவித்தது பதிவில் நிற்கும்.

மதிப்பீட்டாளர் வரும்வரை மண்ணை முழுதாக அள்ள வேண்டாம். திறந்த பக்கத்தைத் தறப்பாளால் மூடி, வாங்கிய பில்லை வைத்துக்கொள்ளுங்கள். மேடு இன்னும் ஈரமாக வெடித்திருந்தால் அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது, காப்புறுதி கிடக்கட்டும்.

தம்பிக்கு இன்றிரவே எடுங்கள். கடிதத்தில் அவன் கையெழுத்துக்குக் கீழே, வீட்டைக் காட்டுவதற்கு ஆள் என்று உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள்.