பாதி வழியில் ரிஜெக்ட் ஆன பீஸின் செலவு யார் தலையில்?

கேள்வி: எங்கள் பிரிவில் வேலை பாதி முடிந்ததும் சோதனை நடக்கும். இந்த மாதம் 10,000 பீஸ் ஆரம்பித்தோம், 7,400 நல்லபடியாக முடிந்தது, 600 ரிஜெக்ட், 2,000 இன்னும் வேலையில் இருக்கிறது. மூலப்பொருள் முழுதும் ஆரம்பத்திலேயே போய்விடும், பீஸுக்கு 40. கூலியும் மேற்செலவும் சேர்த்து முழு பீஸுக்கு 20, அது சீராக ஏறும். சோதனைக்கு வருவதில் 5 சதவீதம் போவது வழக்கம்தான். அந்த 600-இன் செலவை முடிந்த 7,400 மேல் மட்டும் போட வேண்டுமா, அரைகுறையாக நிற்கும் 2,000 மேலும் போட வேண்டுமா? கணக்குப் பிரிவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், கேள்வியில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது. அந்த 2,000 பீஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? சோதனை மேசையைத் தாண்டிவிட்டதா, இன்னும் வரவே இல்லையா? விடை முழுக்க அதில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். வழக்கமாகப் போகும் ரிஜெக்ட் என்பது நல்ல பீஸ் எடுக்க நாம் கொடுக்கும் விலை. 95 நல்ல பீஸ் வேண்டுமென்றால் 100 பீஸை மேசைக்கு அனுப்பியாக வேண்டும், அதனால் போன 5-இன் செலவை அந்த 95 சுமக்கிறது. மேசைக்கே வராத பீஸ் எதைச் சுமக்கும்? அதற்குள் எத்தனை கெட்டது ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அது அடுத்த மாதம் மேசைக்கு வரும்போது தன் பங்குக்கு 5 சதவீதத்தை இழக்கத்தான் போகிறது.

ரிஜெக்ட் ஆன ஒரு பீஸின் அடக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் முழுசாக 40, கூலியும் மேற்செலவும் பாதி, அதாவது 10. ஆக 50. பாதியில் தூக்கிப்போட்ட பீஸுக்கு 60 போடக் கூடாது, மீதி 10 அதன் மேல் செலவாகவே இல்லை. 600 பீஸுக்கு 30,000.

இப்போது 2,000 பீஸ் 30 சதவீதத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேசைக்கு வந்தது 7,400-ம் 600-ம், மொத்தம் 8,000. அதில் 5 சதவீதம் 400, அதுதான் இயல்பு நட்டம், மீதி 200 அசாதாரண நட்டம். இயல்பு நட்டமான 20,000 முழுவதும் முடிந்த 7,400 பீஸ் மேல் ஏறும், பீஸுக்கு ஏறக்குறைய 2.70. அசாதாரணமான 10,000 எந்தப் பீஸ் மேலும் ஏறாது, நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். வேலையில் இருக்கும் 2,000-இன் அடக்கம் பீஸுக்கு 40-ம் 6-ம் சேர்த்து 92,000, அதில் ரிஜெக்ட் செலவு ஒரு பைசாவும் இல்லை. முடிந்ததன் அடக்கம் 4,44,000-உடன் 20,000 சேர்ந்து 4,64,000. மூன்றையும் கூட்டினால் 5,66,000, செலவழித்ததும் அதேதான், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதே 2,000 பீஸ் 80 சதவீதத்தில் நிற்கிறது என்றால் கதை மாறுகிறது, அதுவும் இரண்டு இடத்தில் மாறுகிறது. இரண்டாவது இடத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. இப்போது 10,000 பீஸும் மேசையைப் பார்த்துவிட்டது, அதனால் இயல்பு நட்டமே 500 ஆகிவிடும், அசாதாரணம் 100-க்கு இறங்கிவிடும். அதே 600 ரிஜெக்ட்தான், ஆனால் முன்பு 10,000 என்று தெரிந்த அசாதாரண நட்டம் இப்போது 5,000. மேற்பார்வையாளரிடம் ஏன் இவ்வளவு போனது என்று கேள்வி கேட்கும் முன் இதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இயல்பு நட்டம் 25,000-ஐ மேசை தாண்டிய நல்ல பீஸ் 9,400-க்கும் பிரிக்க வேண்டும், முடிந்ததுக்கு 19,681, வேலையில் இருப்பதற்கு 5,319.

இங்கே ஒரு சின்ன சண்டை வரும். 2,000-ஐ 80 சதவீதத்தால் பெருக்கி 1,600 சமான யூனிட்டாக எடுத்துப் பிரிக்கலாமே என்பார்கள். நான் பீஸ் எண்ணிக்கையை வைத்தே பிரிப்பேன். மேசையைத் தாண்டும்போது எல்லாப் பீஸும் ஒரே 50 சதவீதத்தில்தான் இருந்தது, அதற்கப்புறம் எது எவ்வளவு தூரம் போனது என்பதற்கும் அங்கே நடந்த இழப்புக்கும் சம்பந்தம் இல்லை.

சிலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ரிஜெக்ட் ஆனதைக் கணக்கில் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள், மொத்தச் செலவை நல்ல பீஸாலும் வேலையில் இருப்பதாலும் வகுத்துவிட்டால் தானாகப் பரவிவிடும் என்று. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன், செய்யாதீர்கள். 30 சதவீதத்தில் நிற்கும் சரக்குக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: மூலப்பொருள் 4,00,000-ஐ 9,400-ஆல் வகுத்தால் பீஸுக்கு 42.55, கூலியும் மேற்செலவும் 1,66,000-ஐ, முடிந்த 7,400-உடன் வேலையில் உள்ள 2,000-இன் 30 சதவீதமான 600-ஐச் சேர்த்து 8,000-ஆல் வகுத்தால் 20.75. வேலையில் உள்ள சரக்கு 92,000-க்குப் பதில் சுமார் 97,556 ஆகிறது. மேசைக்கே வராத சரக்கு மேல் 5,556 ஏறிவிட்டது, அடுத்த மாதம் தன் ரிஜெக்ட்டையும் அது சுமக்கும்போது ஒரே பீஸ் இரண்டு தடவை சுமக்கும். அதோடு 10,000 அசாதாரண நட்டம் கண்ணிலேயே படாமல் அடக்கத்துக்குள் கரைந்துபோகும், அதுதான் எனக்கு இன்னும் பெரிய வருத்தம்.

ரிஜெக்ட்டைக் கழிவாக விற்றால் கிடைக்கும் பணத்தை அந்த 50-இலிருந்து முதலில் கழித்துவிடுங்கள், மீதி எல்லாம் இதே வழிதான். அடுத்த மாதம் இந்த 2,000 ஆரம்பச் சரக்காக வரும்போது, முதலில் வந்தது முதலில் என்ற முறையில் கணக்கு எழுதுகிறீர்கள் என்றால் அதையும் நினைவில் வையுங்கள்: ஏற்கனவே மேசை தாண்டியதாக இருந்தால் அடுத்த மாத ரிஜெக்ட்டில் அதற்குப் பங்கே கிடையாது.

சரி, நடைமுறையில் எங்கே இடிக்கும் என்றால், மாதக் கடைசியில் வரும் இருப்புத் தாளில் பெரும்பாலும் "பாதி" என்றுதான் எழுதியிருக்கும். உங்கள் சோதனையும் பாதியில்தான். அந்தப் பாதி மேசைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தாளில் தெரியாது. கீழே போய்த் தட்டுகளைப் பாருங்கள், சோதனை செய்தவரின் குறி இருக்கிறதா இல்லையா. குறி இல்லாமல் மேசைக்கு முன்னால் அடுக்கி நிற்பதெல்லாம் 50 சதவீதம் முடிந்திருந்தாலும் சோதனை ஆகாத சரக்குதான், இந்த மாத ரிஜெக்ட்டில் ஒன்றையும் அதன் மேல் ஏற்றாதீர்கள். அடுத்த மாதத்திலிருந்து இருப்புத் தாளில் சதவீதத்துக்குப் பக்கத்தில் "சோதனை ஆனது / ஆகாதது" என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.