கையெழுத்து வைத்துவிட்டால் 600 யூரோ போய்விடுமா?

கேள்வி: பாரிஸில் இருக்கிற மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப ஏர்போர்ட் போனேன். வளைகுடா நாட்டு விமானக் கம்பனி, கொழும்புவரை ஒரே டிக்கெட். மூன்று மணித்தியாலம் முந்திப் போயும், பிளேன் நிரம்பிவிட்டது, நாளைக்குத்தான் இடம் என்றார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 200 யூரோ வவுச்சர் தந்தார்கள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. மகள் வீட்டுக்குப் போய்வர டாக்சி 140 யூரோ, சாப்பாடு 18 யூரோ. கட்டுநாயக்கவில் எனக்காக ஒரு நாள் காத்து நின்ற வான்காரருக்கு மேலதிகமாக 18,000 ரூபா கொடுத்தேன். இனி ஏதும் கேட்க முடியுமா ஐயா?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: கேட்கலாம் அம்மா. கம்பனி வளைகுடாவினுடையது என்றாலும் நீங்கள் ஏறவிருந்தது பாரிஸில். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையமொன்றிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அந்த ஒன்றியத்தின் 261/2004 இலக்க ஒழுங்குவிதி பொருந்தும். இதே கம்பனி போகும்போது கட்டுநாயக்கவில் உங்களை மறித்திருந்தால் இந்த விதி கைகொடுத்திராது.

இடத்துக்கு மேல் டிக்கெட் விற்ற கம்பனி, விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்கள் யார் என்று முதலில் கேட்க வேண்டும். போதிய ஆள் வராவிட்டால்தான் மற்றவர்களை மறிக்கலாம். அப்படி மறிக்கப்பட்டவருக்கு, 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம் என்றால், 600 யூரோ நட்டஈடு. மாற்று விமானத்தில் நான்கு மணித்தியாலத்துக்குள் பிந்திப் போய்ச் சேர்ந்தால் அதைப் பாதியாக்கலாம். நீங்கள் ஒரு நாள் பிந்தியிருக்கிறீர்கள், ஆகவே முழுத்தொகை.

சிக்கல் அந்தத் தாளில்தான் இருக்கிறது. தானாக இடத்தை விட்டுக்கொடுத்தவருக்கு 600 கிடையாது, பேசி ஒத்துக்கொண்டது மட்டுமே. அதனால் கவுண்டரில் தருகிற தாளில் ‘வொலன்டியர்’ என்ற சொல்லை நுழைத்துவிடுகிற கம்பனிகள் உண்டு. மகளைக் கொண்டு அதை வாசிப்பியுங்கள். பிரதி கையில் இல்லையென்றால் கடிதத்தில் அதையும் கேளுங்கள்.

அந்தச் சொல் இருந்தாலும் கதை முடிந்துவிடாது. யாரும் உங்களிடம் ‘விருப்பமா’ என்று கேட்கவில்லை, இடமில்லை என்றுதான் சொன்னார்கள். மறிக்கப்பட்டவருக்கு உரிமைகளை எழுத்தில் கொடுப்பது கம்பனியின் கடமை. பணத்துக்குப் பதிலாக வவுச்சர் கொடுப்பதென்றால் பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். சரியான விவரம் சொல்லப்படாமல் குறைந்த தொகையை ஏற்றுக்கொண்டவர் மிச்சத்துக்கு வழக்கிடலாம் என்று 15ஆம் உறுப்புரை வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் கதை அதற்குள்தான் வருகிறது. ஆனால் வவுச்சரைத் தொடாதீர்கள். பாவித்துவிட்டால் சம்மதித்தீர்கள் என்று வாதாட அவர்களுக்கு வசதி. கடிதத்தில் அதைத் திருப்பித் தருவதாக எழுதி முழு 600ஐயும் கேளுங்கள்.

சாப்பாடும் டாக்சியும் வேறு கணக்கு. காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, இரவு தங்க ஹோட்டல், அங்கே போய்வர வாகனம், இவை கம்பனியின் பொறுப்பு. அவர்கள் தராதபோது நீங்கள் செய்த நியாயமான செலவைத் திருப்பிக் கேட்கலாம். அது 600க்குள் அடங்காது. ஹோட்டலுக்குப் பதில் மகள் வீட்டுக்குப் போனீர்களே என்று இழுப்பார்கள். ஹோட்டல் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தேன் என்று எழுதுங்கள். ரசீது இல்லாத யூரோவை மறந்துவிடலாம்.

ஆக, கடிதத்தில் கேட்கும் தொகை 758 யூரோ. விமானத்தை உண்மையில் ஓட்டிய கம்பனிக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். பழைய டிக்கெட், புதிய போர்டிங் பாஸ், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இணையுங்கள். நேரத்தோடு கவுண்டருக்குப் போனதை மறக்காமல் குறிப்பிடுங்கள். பிந்தி வந்தார் என்பதும் ஆவணம் சரியில்லை என்பதும்தான் கம்பனிகள் வழக்கமாகச் சொல்லும் சாட்டு. ‘தவிர்க்க முடியாத விசேட சூழ்நிலை’ என்று பதில் வந்தால் பதறாதீர்கள். விமானம் ரத்தானால் சொல்லும் சாட்டு அது, இடத்துக்கு மேல் விற்றதற்குச் செல்லாது.

இரண்டு மாதம் பார்த்தும் அசையாவிட்டால் பிரான்சில் சமரச முயற்சி, அப்புறம் அங்குள்ள நீதிமன்றம். இந்தத் தொகைக்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை. நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் மகளே உங்களுக்காக முன்னிலையாகலாம். பிரான்சில் இதற்கு ஐந்து வருடம் அவகாசம் இருக்கிறது. ஆகவே பங்கு கேட்டு வாங்கித்தருகிற முகவர்களிடம் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.

வான் காசு? அது சர்வதேச விமானப் பயணங்களுக்கான மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் தாமதத்தால் வந்த நட்டமாகக் கேட்கவேண்டியது. அதற்கு இரண்டு வருடந்தான். கிடைத்தாலும், உங்களுக்குரிய 600ஐ அதிலிருந்து கழித்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஐம்பது யூரோ சொச்சத்துக்காக நல்ல கடிதத்தைக் குழப்ப நான் விரும்பமாட்டேன். வான்காரரின் கையால் ஒரு துண்டு எழுதி வாங்கி வையுங்கள். கம்பனி 600ஐ முற்றாக மறுத்தால் அப்போது அதையும் சேர்க்கலாம்.